எம்.டி.யின் வீட்டுச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பிரைவேட் லிமிடெட் பனியன் கம்பெனியில் அக்கவுண்டன்ட்டாக இருக்கிறேன். எங்கள் எம்.டி. பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், வீட்டு ஃப்ரிட்ஜ், நகைக்கடை பில் எல்லாவற்றையும் கம்பெனி அக்கவுண்டிலிருந்தே கட்டிவிடுகிறார். இதுவரை ‘ஸ்டாஃப் வெல்ஃபேர்’ என்று எழுதிவந்தேன். ஆடிட்டர் ‘டைரக்டர் லோன் கணக்கில் போடுங்கள்’ என்கிறார். மார்ச் 31-க்குள் எம்.டி. பணத்தைத் திருப்பிப் போட்டுவிட்டால் சிக்கல் இல்லைதானே?

பதில்: ஆடிட்டர் சொல்வது சரி. ஆனால் மார்ச் 31 உங்களைக் காப்பாற்றாது. இந்தக் கணக்கில் ஆண்டுக் கடைசி இருப்பைவிட, பணம் போன ஒவ்வொரு நாளிலும் இருப்பு எந்தப் பக்கம் நின்றது என்பதுதான் முக்கியம்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். எம்.டி. முன்பு கம்பெனிக்குக் கொடுத்த பணத்தில் ஏப்ரல் 1 அன்று 2,50,000 ரூபாய் அவருக்கு வரவேண்டியிருக்கிறது. ஜூனில் ஸ்கூல் ஃபீஸ் 1,40,000. பேமென்ட் வவுச்சரில் எம்.டி.யின் லோன் கணக்கை டெபிட், வங்கியை கிரெடிட் செய்கிறீர்கள். அவர் பணத்தையே அவருக்குத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மீதி கிரெடிட் 1,10,000. ஆகஸ்டில் ஃப்ரிட்ஜ் 59,000, மீதி 51,000. இதுவரை ஒரு குறையும் இல்லை.

அக்டோபரில் நகைக்கடைக்கு 2,00,000 போகிறது. கணக்கு புரண்டு 1,49,000 டெபிட் ஆகிறது. அன்றைக்குக் கம்பெனி டைரக்டருக்குக் கடன் கொடுத்துவிட்டது. பிப்ரவரியில் அவர் 2,00,000 கட்டுகிறார். ஆண்டு முடிவில் மறுபடியும் 51,000 கிரெடிட். பேலன்ஸ் ஷீட் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அவரிடம் 10 சதவீதமோ அதற்கு மேலோ ஓட்டுரிமையுள்ள பங்கு இருந்து, கம்பெனியில் சேர்ந்த லாபமும் இருந்தால், அந்த லாபத்தின் அளவு வரை 1,49,000 ரூபாயை டிவிடெண்டாகவே வருமானவரிச் சட்டம் கருதும். அது அவர் வருமானத்தில் சேரும். கம்பெனி 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்திருக்க வேண்டும். ஆண்டு முடிவதற்குள் கடனைத் திருப்பிவிட்டாலும் இந்த வரி போகாது என்று தருலதா ஷ்யாம் வழக்கில் 1977-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

கம்பெனிச் சட்டம் இன்னும் கடுமை. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு டைரக்டருக்குக் கடன் கொடுப்பதைத் தடுக்கிறது. மீறினால் கம்பெனிக்கு அபராதம் 5 லட்சத்தில் தொடங்கும். பிரைவேட் கம்பெனிக்கு விலக்கு உண்டு என்பார்கள். அதற்கு வேறு கம்பெனி எதுவும் உங்கள் கம்பெனியில் பங்கு வைத்திருக்கக் கூடாது, கடனில் தவணை தவறியிருக்கக் கூடாது, ஆண்டுக் கணக்குகளை ஒழுங்காகத் தாக்கல் செய்திருக்க வேண்டும். இவற்றோடு, வங்கியிலும் பிற கம்பெனிகளிலும் வாங்கிய கடன் செலுத்திய மூலதனத்தின் இரண்டு மடங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். (50 கோடி என்ற உச்சவரம்பும் உண்டு.) மூலதனம் 10 லட்சம் என்றால் கடன் 20 லட்சத்தைத் தொடக் கூடாது. பேக்கிங் கிரெடிட் வாங்கி ஓடும் பனியன் கம்பெனிகளில் எத்தனை இதற்குள் நிற்கும்? உங்கள் கம்பெனியின் கணக்கை முதலில் பாருங்கள்.

ஏற்கெனவே ‘ஸ்டாஃப் வெல்ஃபேர்’ என்று எழுதியவற்றுக்கு, எம்.டி. கணக்கை டெபிட், ஸ்டாஃப் வெல்ஃபேரை கிரெடிட் செய்து ஒரு ஜர்னல் போடுங்கள். எந்தத் தேதியில் எதற்காகப் பணம் போனது என்பதை நரேஷனில் எழுதுங்கள். பழைய வவுச்சரைத் திறந்து திருத்த வேண்டாம். 2023 ஏப்ரல் முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் பதிவாக வேண்டும் என்பது விதி. ஜர்னலை இன்று போட்டாலும் கடன் பிறந்தது பணம் போன அன்றுதான். ஆகவே பழைய தேதிகளை வைத்துத் தனியே ஒரு தாளில் இருப்பை ஓட்டிப் பார்த்து ஆடிட்டரிடம் கொடுங்கள்.

ஃப்ரிட்ஜ் பில்லையும் எடுத்துப் பாருங்கள். 50,000 விலை, 9,000 ஜி.எஸ்.டி. கம்பெனி பெயரில் பில் இருந்ததால் அந்த 9,000-க்கு இன்புட் கிரெடிட் எடுத்திருப்பீர்கள். சொந்த உபயோகப் பொருளுக்கு அது கிடையாது. ரிவர்ஸ் செய்து, முழு 59,000-ஐயும் எம்.டி. கணக்கில் சேர்க்க வேண்டும்.

இனிமேலுக்கு வழி, போர்டு தீர்மானம் போட்டு எம்.டி.க்கு மாதச் சம்பளம் வைப்பது. டி.டி.எஸ். போக மீதியை மாதாமாதம் அதே கணக்கில் கிரெடிட் செய்யுங்கள்; வீட்டுச் செலவு அதிலிருந்து கழியட்டும். மார்ச் கடைசியில் மொத்தச் சம்பளத்தையும் ஒரே ஜர்னலில் போட்டால் அக்டோபர் டெபிட் மறையாது. தீர்மானத்துக்கு முன்தேதி போடுவதோ பொய் ஆவணம். டாலியில் அவருடைய லெட்ஜரைத் திறந்து, F12-இல் ரன்னிங் பேலன்ஸ் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். நகைக்கடைக்குப் பணம் அனுப்பச் சொன்னால், அனுப்பும் முன் அந்தத் திரையை எம்.டி.யிடம் காட்டுங்கள். இருப்பு போதாவிட்டால் மீதியை அவர் சொந்த அக்கவுண்டிலிருந்து கட்டச் சொல்லுங்கள்.