படம் சொல்லாததை எழுதுங்கள்

டிஜிட்டல் படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, வேர்ட் தொகுப்பில் வரிசையாக அமைத்து, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி எழுதினால் ஒரு படக்கட்டுரை தயார். படங்களை அமைப்பது எளிது. அந்த இரண்டு வரிகளில்தான் பலர் சறுக்கிவிடுகிறார்கள். படத்தில் தெரிவதையே மீண்டும் எழுதிவிடுகிறார்கள். சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் நான் எடுத்த மூன்று படங்களை வைத்து, இதைத் தவிர்க்கும் வழியைப் பார்ப்போம்.

முதல் படத்தில் ஓர் இருளர் பெண் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நிற்கிறார். பனை ஓலையில் முடைந்த பறியின் விளிம்பைப் பற்களால் கடித்திருக்கிறார். உடனே எழுதத் தோன்றும் வரி இது: "ஏரியில் நின்று இறால் பிடிக்கும் பெண். வாயில் பறி." பறியும் பெண்ணும் தண்ணீரும் படத்திலேயே இருக்கின்றன. எனவே இந்த வரியில் நமக்குப் புதிதாகக் கிடைப்பது "இறால்" என்ற ஒரு சொல் மட்டுமே.

இப்போது படத்தைப் பார்ப்பவர் மனதில் எழும் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் வாயில் கடித்திருக்கிறார்? அதற்கான பதில்தான் நமது வரி: "வலை இல்லை. சேற்றில் பதுங்கும் இறாலைத் தடவிப் பிடிக்க இரண்டு கைகளும் வேண்டும். பறியைப் பிடிக்க மீதி இருப்பது பற்கள்தான்." தண்ணீருக்கு அடியில் இருக்கும் கைகளைக் கேமராவால் காட்ட முடியாது. எழுத்தால் முடியும்.

இரண்டாவது படம்: தண்ணீரில் ஒரு படகு, நட்ட கம்புகளில் கட்டிய வலை. இங்கே படத்தில் இல்லாதது ஒரு விதி. கோட்டைக்குப்பம் உள்ளிட்ட சில குப்பங்களில் "பாடு" என்ற பழைய முறை உண்டு. ஏரியில் இறால் கிடைக்கும் இடங்களை மீனவர்கள் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். ஆகவே நான் எழுதியது: "இன்று இந்த இடம் இவர்களுக்கு. அடுத்த முறை வேறொருவருக்கு." பாடு முறையின் விளக்கத்தைக் கட்டுரையின் தொடக்கப் பத்தியில் ஒரு தடவை தந்துவிட்டேன். அதனால் படத்தின் கீழே இரண்டு சிறிய வாக்கியங்கள் போதுமானதாயின.

மூன்றாவது படத்தில் படகுகள் கரையில் சும்மா கிடக்கின்றன. "ஓய்வெடுக்கும் படகுகள்" என்று எழுத ஆசை வரும். அது அழகாக இருக்கும், உண்மையாக இருக்குமா? அன்று அவர்கள் முறை இல்லாமல் இருக்கலாம். படகில் பழுது இருக்கலாம். அல்லது முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு, கடல்நீர் ஏரிக்குள் வருவது குறைந்து, இறால் வரத்து இல்லாமல் போயிருக்கலாம். மூன்றுக்கும் படம் ஒன்றுதான். செய்தி வேறு வேறு. கடைசிக் காரணம் என்றால் அது ஒரு குப்பத்தின் பிழைப்பையே பாதிக்கும் செய்தி. படம் எடுத்த இடத்திலேயே "ஏன் இன்று போகவில்லை?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டால்தான் சரியானதை எழுத முடியும். கேட்காமல் விட்டிருந்தால் அந்தப் படத்திற்கு இடமும் தேதியும் மட்டும் கொடுங்கள். முகத்தைப் பார்த்து "சோகம்", "நம்பிக்கை" என்று ஊகித்து எழுதுவதும் இதே தவறுதான்.

தேதி மறந்துவிட்டதா? பைல் மீது ரைட் கிளிக் செய்து Properties தேர்ந்தெடுங்கள். Details டேபில் Date taken என்ற வரியில் எடுத்த நாளும் நேரமும் இருக்கும். வாட்ஸ்அப் வழியாகப் படமாக அனுப்பியவற்றில் பெரும்பாலும் இது அழிந்துவிடும். எனவே கேமரா அல்லது போனில் உள்ள ஒரிஜினல் பைலில் பாருங்கள். கேமராவின் கடிகாரம் சரியாக இருந்ததா என்பதையும் கவனியுங்கள்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை. படத்தைக் கையால் மறைத்துவிட்டு வரியைப் படியுங்கள். படம் முழுவதும் கண்முன் வந்துவிட்டால், அந்த வரி படத்தைத் திரும்பச் சொல்கிறது. அடுத்து, வரியை மறைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். எதுவும் குறைந்ததாகத் தெரியாவிட்டால் அந்த வரியை நீக்கிவிடலாம்.

படத்தை அப்படியே விவரிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வேர்டில் படத்தின் மீது ரைட் கிளிக் செய்தால் கிடைக்கும் மெனுவில் Alt Text என்ற பிரிவு இருக்கும். பார்வையற்றவர்களின் கம்ப்யூட்டரில் இயங்கும் ஸ்கிரீன் ரீடர் புரோகிராம் இதைத்தான் படித்துக் காட்டும். "இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நிற்கும் பெண், வாயில் ஓலைப் பறி" என்ற வரியை இங்கே டைப் செய்யுங்கள்.