ஒட்டு மாங்கன்றுக்கு விலை கட்டும் முறை

நாற்றுப் பண்ணை வைத்துள்ள அங்கத்தினர் பலர், கன்றின் உயரத்தைக் கண்ணால் அளந்தே விலை கூறுவதை நாம் காண்கிறோம். இதில் நேரும் நஷ்டத்தை ஓர் உதாரணத்தால் விளக்குவோம்.

100 ஒட்டு மாங்கன்றுகளை, ஒன்றுக்கு 30 ரூபாய் செலவில் கட்டியதாகக் கொள்வோம். முதல் 3,000 ரூபாய். தண்ணீர், எரு, கூலி ஆகியவற்றுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் ஆறு மாதத்திற்கு 1,200. ஆக 4,200 ரூபாய். இதை நூறால் வகுத்து 42 ரூபாய் என்பது தவறு. 20 கன்றுகள் பட்டுப்போயின், அவற்றின் செலவையும் எஞ்சிய 80 கன்றுகளே சுமக்க வேண்டும். ஆகவே அடக்க விலை 52 ரூபாய் 50 காசு.

வயது ஒன்றாயினும் கன்றுகள் ஒன்றுபோல் வளர்வதில்லை. தண்டு பருத்த 50 கன்றுகளுக்கு 60 ரூபாயும், மெலிந்த 30 கன்றுகளுக்கு 40 ரூபாயும் வைத்தால் 4,200 ரூபாயும் திரும்பிவிடும். லாபத்தை இதன்மேல் சேர்த்துக்கொள்க.

விற்காத கன்றின் அடக்கம் மாதந்தோறும் 2 ரூபாய் 50 காசு கூடும். ஆனால் வேர் பைக்குள் சுருண்டு, துளைவழியே வெளிவந்துவிட்டால், நட்டபின் கன்று செவ்வையாக வேரூன்றாது. அதன்பின் வயதைக் காட்டி விலை ஏற்றலாகாது. வேர் சுருளுமுன்னரே பெரிய பைக்கு மாற்றுக, அல்லது விற்றுவிடுக.