காந்தமும் கணக்கேடும்

மகிழுந்துக்கான உதிரிப்பொருள் கடைகளிலும் இணையச் சந்தையிலும் எரிபொருளைச் சேமிப்பதாகச் சொல்லி இருவகைக் கருவிகள் விற்கப்படுகின்றன. ஒன்று, பெட்ரோல் செல்லும் குழாயின்மேல் கட்டப்படும் காந்தம். மற்றொன்று, பெட்ரோலை முன்னரே ஆவியாக்கியோ, நீராவியும் காற்றும் கலந்தோ எந்திரத்திற்குள் அனுப்பும் குப்பி. இவற்றைப் பொருத்தினால் 'மைலேஜ்' 20 விழுக்காடு கூடும் என்கின்றன விளம்பரங்கள்.

அச்சொல் மெய்யானால் அது சிறிய ஆதாயம் அன்று. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் மகிழுந்து மாதம் 1,000 கிலோமீட்டர் செல்வதற்கு ஏறத்தாழ 67 லிட்டர் வேண்டும். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடினால் 56 லிட்டரே போதும். மாதந்தோறும் 11 லிட்டர் மிச்சமாகும். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒருவர் இக்கருவிக்குச் சில ஆயிரம் ரூபாய் கொடுக்கத் துணிவதில் வியப்பில்லை. ஆகவே வாங்கியவரைக் கேலி செய்வதை விட்டு, கருவியைச் சோதிக்கும் வழியை அறிவோம்.

முதலில் காந்தத்தைப் பார்ப்போம். இரும்புத்தூளைப் போலப் பெட்ரோலின் மூலக்கூறுகளும் காந்தத்தின் அருகே வரிசையாக நின்று நன்றாக எரியும் என்பர் விற்போர். ஆனால் பெட்ரோல் இரும்பு அன்று. கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த பல சேர்மங்களின் கலவை. காந்தம் அதனை மிக மிக மெலிதாக விலக்குமேயன்றி, அதன் வேதிப்பிணைப்புகளை மாற்றாது.

ஆவிக் கருவியின் கதை பழையது. கனடா நாட்டைச் சேர்ந்த சார்லஸ் நெல்சன் போக் என்பவர் 1930களில் ஆவிக் கார்புரேட்டருக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஒரு காலன் பெட்ரோலில் 200 மைல் ஓடலாம் என்ற பேச்சு அதனையொட்டிப் பரவியது. நடுநிலையான சோதனை எதுவும் அதனை மெய்ப்பிக்கவில்லை. இன்றும் விளம்பரங்களில் காப்புரிமை எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சிடுகின்றனர். காப்புரிமை ஒரு பொருள் புதியது என்பதற்காகத் தரப்படுவது. அது சொன்னபடி பயன் தரும் என்பதற்குச் சான்றாகாது.

ஆவியாக்கினால் எரிபொருள் முழுவதும் எரியும் என்ற வாதம் கேட்பதற்குப் பொருத்தமாகவே தோன்றும். ஆயினும் நல்ல நிலையிலுள்ள இக்கால எந்திரத்தில் உள்ளே செல்லும் பெட்ரோல் ஏறத்தாழ முழுவதும் ஏற்கெனவே எரிந்துவிடுகிறது. இழப்பு வேறிடத்தில் நிகழ்கிறது. எரிந்து கிடைக்கும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகப் புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறுகிறது. குழாயில் கட்டிய காந்தமோ குப்பியோ அவ்வெப்பத்தை மீட்டுத் தர இயலாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நூற்றுக்கும் மேற்பட்ட இத்தகைய கருவிகளை ஆராய்ந்துள்ளது. மிகச் சிலவே சிறிதளவு பயன் தந்தன. அவற்றுள்ளும் சில புகையின் மாசைக் கூட்டின.

இவ்வளவு சொல்லியும், "பொருத்திய முதல் முறையே லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கிடைத்ததே!" என்பார் வாங்கியவர். அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் பதினாறு எங்கிருந்து வந்தது என்பதே நாம் காண வேண்டியது.

கணக்கு வைக்கும் முறை எளிது. பெட்ரோல் நிலையத்தில் தொட்டியை நிரப்பும்போது குழல் தானாக நிற்கும் முதல் கணத்தில் நிறுத்திவிட வேண்டும். விலையை முழு ரூபாயாக்க மேலும் ஊற்றக் கூடாது. அப்போது ஓடோமீட்டர் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை அதே நிலையத்தில், அதே பம்பில் மீண்டும் நிரப்பும்போது ஊற்றப்பட்ட லிட்டரே, இடைப்பட்ட தொலைவுக்குச் செலவான எரிபொருள். தொலைவை லிட்டரால் வகுத்தால் மைலேஜ் கிடைக்கும்.

ஆனால் குழல் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. வண்டி சற்றுச் சாய்ந்து நின்றாலும், பெட்ரோல் நுரைத்தாலும் இரண்டு லிட்டர் முன்னதாக நின்றுவிடலாம். 450 கிலோமீட்டருக்கு உண்மையில் 30 லிட்டர் செலவாகியிருக்க, 28 லிட்டரே ஊற்றப்பட்டால் கணக்கு 16 என்று காட்டும். விடுபட்ட இரண்டு லிட்டர் அடுத்த முறை சேர்ந்துகொள்ளும். அப்போது அதே தொலைவுக்கு 32 லிட்டர் ஆகி, கணக்கு 14 என்று இறங்கும். மகிழுந்து இரு முறையும் 15 தான் ஓடியது. எனவே ஒரே தொட்டியை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. பல தொட்டிகளின் மொத்தத் தொலைவை மொத்த லிட்டரால் வகுத்தால் இப்பிழைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துவிடும்.

ஓர் உரிமையாளரின் கணக்கேடு பின்வருமாறு இருப்பதாகக் கொள்வோம். எண்கள் கிலோமீட்டரையும் லிட்டரையும் குறிக்கும்.

| முறை | காந்தம் இல்லாமல் | மைலேஜ் | காந்தத்துடன் | மைலேஜ் |
|---|---|---|---|---|
| 1 | 462 / 30 | 15.4 | 496 / 31 | 16.0 |
| 2 | 434 / 31 | 14.0 | 444 / 30 | 14.8 |
| 3 | 480 / 30 | 16.0 | 450 / 30 | 15.0 |
| 4 | 441 / 30 | 14.7 | 432 / 30 | 14.4 |
| 5 | 465 / 31 | 15.0 | 465 / 31 | 15.0 |
| மொத்தம் | 2,282 / 152 | 15.01 | 2,287 / 152 | 15.05 |

காந்தம் இல்லாதபோதே ஒருமுறை 16 கிடைத்திருப்பதைக் காண்க. பொருத்திய பின் முதலில் கிடைத்த 16 அதனினும் உயர்ந்ததன்று. 20 விழுக்காடு கூடியிருந்தால் மைலேஜ் 18-ஐ ஒட்டி நின்றிருக்கும். ஐந்தில் ஒருமுறைகூட அது 16-ஐத் தாண்டவில்லை. பொருத்துவதற்கு முன் கணக்கே வைக்காதவர் அந்த முதல் 16-ஐ மட்டும் கண்டு மகிழ்ந்து, விற்றவருக்கு நற்சான்றும் எழுதித் தந்திருப்பார்!

இம்முறைக்கும் எல்லை உண்டு. ஐந்தைந்து தொட்டிகளைக் கொண்டு இரண்டு மூன்று விழுக்காட்டு வேறுபாட்டை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இருபது விழுக்காடு மறைந்துகொள்ள வழியில்லை.

இன்னொரு தடுமாற்றம் ஓட்டுபவரிடமே உள்ளது. பணம் கொடுத்துக் கருவி வாங்கியவர், தம்மையறியாமலே மென்மையாக ஓட்டத் தொடங்குவார். கருவியோடு தரும் தாளிலும் "டயரில் காற்றைச் சரிபார்க்கவும், காற்று வடிகட்டியை மாற்றவும், வேகத்தைக் குறைக்கவும்" என்று எழுதியிருக்கும். அந்த அறிவுரைகள் நல்லவை. ஆனால் அவற்றால் வரும் சேமிப்பு காந்தத்தின் கணக்கில் சேர்ந்துவிடும். வட இந்தியாவில் மே மாதம் குளிரூட்டியுடன் ஓடிய மகிழுந்தை நவம்பரில் ஓடியதுடன் ஒப்பிட்டாலும் இதே பிழை நேரும்.

இதற்கு நீங்கள் உதவலாம். காந்தத்தைப் பொருத்துவதும் கழற்றுவதும் பெரியவர் ஒருவரின் பொறுப்பாகட்டும்; எந்திரம் குளிர்ந்திருக்கும்போது அவர் அதனைச் செய்வார். பழுதுபார்ப்பும் டயர்க்காற்றும் முன்னரே சரி செய்யப்பட்டிருக்க வேண்டும். எந்தத் தொட்டிக்குக் காந்தம் இருந்தது என்பதை நீங்கள் தனித்தாளில் குறித்து மறைத்து வையுங்கள். ஓட்டுபவர் அதனை அறியக் கூடாது. பத்துத் தொட்டிகள் முடிந்தபின் தாளைத் திறந்து, இரு பிரிவாகக் கூட்டி வகுத்துப் பாருங்கள்.

ஆவிக் கருவிக்கு இச்சோதனையை வீட்டில் செய்ய வேண்டா. அதனைப் பொருத்த எந்திரத்தின் காற்றுக்குழாயையோ எரிபொருள் குழாயையோ வெட்ட நேரும். பெட்ரோல் ஆவி கசிந்தால் தீப்பற்றும். உற்பத்தியாளர் தந்த உத்தரவாதமும் பறிபோகலாம்.

அருஞ்சொற்பொருள்

விழுக்காடு – சதவீதம். சேர்மம் – தனிமங்கள் வேதிமுறையில் சேர்ந்த பொருள். மெய்ப்பித்தல் – உண்மை என நிறுவுதல். முகமை – அரசின் செயல் அமைப்பு. நற்சான்று – நன்மை கூறிச் சான்றளித்தல்.

பயிற்சி

1. மைலேஜ் ஒரு முறை 16 எனவும் அடுத்த முறை 14 எனவும் வரக் காரணம் யாது? உம் சொற்களில் எழுதுக.

2. காப்புரிமை எண் அச்சிடப்பட்டிருப்பதால் ஒரு கருவியை நம்பலாமா? பாடத்திலிருந்து காரணம் காட்டுக.

3. ஒருவர் ஜூன் மாதத்தில் 1,400 கிலோமீட்டருக்கு 100 லிட்டர் செலவிட்டார். நவம்பரில் காந்தத்தைப் பொருத்தி, அன்றே டயரிலும் காற்று நிரப்பி, 1,500 கிலோமீட்டருக்கு 100 லிட்டர் செலவிட்டார். மைலேஜ் எத்தனை விழுக்காடு கூடியது? அது காந்தத்தால் வந்தது என அவர் சொன்னால், அவரிடம் நீர் கேட்கும் வினாக்கள் இரண்டினை மரியாதையான நடையில் எழுதுக.