உபயக்காரரா, கொடையாளரா? மேடையில் சொல் தேர்வு



போன வருஷம் ஒரு கோயில் திருவிழாவில் மைக் என் கையில். பல்கலைக்கழகத் தமிழ் விவாதக் குழுவில் பழகிய நாக்கு. "திருமுழுக்கு நிறைவுற்றதும் கொடையாளர்கள் முன்னே வருக" என்றேன். யாரும் அசையவில்லை. முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா, "தம்பி, இன்னைக்கு உபயக்காரங்கள கூப்பிடுறியா, கட்டட நிதி குடுத்தவங்களையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. உபயம் என்றால் ஒரு நாள் பூஜைச் செலவை ஒரு குடும்பம் ஏற்பது. கொடை என்றால் எந்த நன்கொடையும்தான். சொல் தூய்மையானது, ஆனால் பொருள் நழுவிவிட்டது.

அன்றிலிருந்து உரை எழுதி முடித்ததும் வடசொற்களை அடிக்கோடிட்டு மூன்றாகப் பிரிக்கிறேன். ஸ, ஷ, ஜ, ஹ எழுத்துகளை மட்டும் தேடினால் போதாது. சபை, நீதி, தினம், சங்கம் எல்லாமே வடசொல் வழி வந்தவைதான்.

முதல் வகை, பொதுச் சொற்கள். சந்தோஷம், விஷயம், ஆரம்பம் போன்றவை. இவற்றுக்குப் பதில் மகிழ்ச்சி, செய்தி, தொடக்கம் என்றால் எந்தச் சபையிலும் எல்லாருக்கும் புரியும். தயங்காமல் மாற்றலாம்.

இரண்டாவது, கேட்டதும் மக்கள் ஏதாவது செய்ய வேண்டிய சொற்கள். உபயக்காரர், அர்ச்சனைத் தட்டு, பிரசாதம் போன்றவை. கோயிலில் இவற்றைத் தொடாதீர்கள். எழுந்து வருவதா, வரிசையில் நிற்பதா என்பது அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

மூன்றாவது, சடங்கின் பெயர்கள். இங்கே சபையைப் பார்க்க வேண்டும். தமிழாசிரியர்கள் நிறைந்த இலக்கிய விழாவில் "குடமுழுக்கு" போதும். 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலை அடிகள், வேதாசலம் என்ற தம் பெயரையே மாற்றிக்கொண்டவர். அந்த மரபில் வந்தவர்கள் முன் "மஹா கும்பாபிஷேக மஹோத்ஸவம்" என்றால் முகம் சுருங்கும். கோயிலிலோ அழைப்பிதழில் கும்பாபிஷேகம் என்று இருக்கும். அங்கே ஒருமுறை, "குடமுழுக்கு, அதாவது கும்பாபிஷேகம்" என்று இரண்டையும் சொல்லிவிட்டு, பிறகு ஒன்றையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள். மாறி மாறிச் சொன்னால் இரண்டு நிகழ்ச்சி என்று நினைப்பவர்களும் உண்டு.

என் பழைய அறிவிப்பை இப்போது இப்படித் திருத்துவேன்: "அபிஷேகம் முடிந்ததும் இன்றைய உபயக்காரர்கள் முன்னே வாருங்கள். உங்களை வரவேற்பதில் மகிழ்ச்சி." சடங்குச் சொல் அப்படியே இருக்கிறது, சந்தோஷம் மட்டும் மகிழ்ச்சி ஆனது. இதே நிகழ்ச்சியைத் தமிழ் விழாவில் விவரித்தால், "திருமுழுக்குக்குப் பின் அன்றைய வழிபாட்டை ஏற்ற குடும்பத்தார் முன்னே வந்தனர்" என்பேன். அங்கே யாரும் எழுந்து வர வேண்டியதில்லை, அதனால் விரித்துச் சொல்ல இடம் இருக்கிறது.

பெயர்களை மட்டும் மாற்றாதீர்கள். ஒரு சங்கத்தின் பதிவுப் பெயரை மேடையில் தனித்தமிழாக்க நமக்கு உரிமை இல்லை.

மேடை ஏறுமுன் உரையை வீட்டில் பாட்டியிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். அவர் "என்னப்பா அது?" என்று கேட்கும் இடத்தில்தான் சபையும் நிற்கும்.