தோளைப் பிடித்திருக்கும் நான்கு தசைகள்

உங்கள் வலது கையை இடது தோளின் மேல் போடுங்கள். விரல்களால் முதுகுப் பக்கம் தடவிப் பாருங்கள். குறுக்கே ஒரு வரப்பு போல எலும்பு தட்டுப்படும். அந்த வரப்பு தோள்பட்டை எலும்பின் மேல் இருக்கிறது. வரப்பைப் பிடித்துக்கொண்டே வெளிப்பக்கம் வாருங்கள். தோளின் உச்சியில் அது ஒரு கூரை போல முடியும். இதைத் தோள் முனை என்று சொல்லலாம். இந்த வரப்பையும் கூரையையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டின் மேல் எலுமிச்சம்பழம்

மேல்கை எலும்பின் தலை பந்து போல உருண்டையானது. தோள்பட்டை எலும்பில் அதற்கு ஒரு குழி உண்டு. ஆனால் அது ஆழமான குழி அல்ல. சின்னத் தட்டு போன்றது. தட்டின் மேல் எலுமிச்சம்பழத்தை வைத்தது போலப் பந்து உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிகிறது. அதனால்தான் பந்து எளிதில் நழுவவும் கூடும்.

நழுவாமல் பிடித்துக்கொள்ள நான்கு தசைகள் இருக்கின்றன. நான்கும் தோள்பட்டை எலும்பில் தொடங்குகின்றன. நான்கும் பந்தில் வந்து ஒட்டுகின்றன. தசை ஒட்டும் முனை வெள்ளையாக, கயிறு போல உறுதியாக இருக்கும். அதற்குத் தசைநாண் என்று பெயர். நான்கு நாண்களும் ஒன்றோடு ஒன்று சேர்ந்து, சட்டைக் கையின் பட்டி போலப் பந்தைச் சுற்றிப் பிடித்திருக்கின்றன.

எது எங்கே? எது என்ன செய்யும்?

முதலாவது மேல் தசை. டாக்டர்கள் இதை சுப்ராஸ்பைனேட்டஸ் என்பார்கள். வரப்புக்கு மேலே உள்ள பள்ளத்தில் இது தொடங்குகிறது. கூரைக்கு அடியில் நுழைந்து, பந்தின் உச்சியில் ஒட்டுகிறது. கையைப் பக்கவாட்டில் தூக்கத் தொடங்கும்போது இது இழுக்கிறது.

இரண்டாவது பின் தசை. இதன் பெயர் இன்ஃப்ராஸ்பைனேட்டஸ். வரப்புக்குக் கீழே தொடங்கிப் பந்தின் பின்பக்கம் ஒட்டுகிறது. முழங்கையை இடுப்போடு ஒட்டி மடக்குங்கள். முன்கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். இந்தத் தசைதான் இழுக்கிறது.

மூன்றாவது சிறு தசை. பெயர் டெரஸ் மைனர். தோள்பட்டை எலும்பின் வெளி ஓரத்தில் தொடங்கி, பின் தசைக்குச் சற்றுக் கீழே ஒட்டுகிறது. இதுவும் கையை வெளியே திருப்பும்.

நான்காவது முன் தசை. பெயர் சப்ஸ்காபுலாரிஸ். தோள்பட்டை எலும்புக்கும் விலா எலும்புக்கும் நடுவே இது மறைந்திருக்கிறது. தொட்டுப் பார்ப்பது கடினம். இது பந்தின் முன்பக்கம் ஒட்டுகிறது. கையை உட்பக்கம் திருப்புகிறது. முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோக இது வேண்டும்.

அடுக்குகள்

தோளை வெளியிலிருந்து உள்ளே பார்ப்போம். தோலுக்கு அடியில் பெரிய தசை ஒன்று தோளை மூடியிருக்கிறது. அதற்கு அடியில் மெல்லிய வழுவழுப்பான பை இருக்கிறது. உராய்வைக் குறைப்பது அதன் வேலை. பைக்கு அடியில்தான் நம் நான்கு நாண்கள். நாண்களுக்கு அடியில் மூட்டைச் சுற்றிய உறை. அதற்கும் உள்ளே பந்து.

வெளியே உள்ள பெரிய தசை பலசாலி. கையைத் தூக்கும்போது அது பந்தை மேலே இழுக்கும். அது மட்டும் வேலை செய்தால் பந்து கூரையில் போய் முட்டும். நான்கு சிறிய தசைகளும் பந்தைத் தட்டோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கின்றன. அதனால் பந்து ஒரே இடத்தில் சுழல்கிறது. கை மேலே போகிறது.

ஒரு பெயிண்டரின் தோள்

பெங்களூர் விவேக் நகரில் ஒரு பெயிண்டர். வயது 52. முப்பது வருடமாகச் சுவருக்கும் சீலிங்குக்கும் வண்ணம் அடிக்கிறார். ஒரு நாள் வலது தோளில் வலி வந்தது. தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போனார். இரண்டு மாதம் ஆனது. வலது பக்கம் படுக்க முடியவில்லை. உப்புத்தாள் தேய்க்கக் கை எழவில்லை. நாள் கூலியும் நின்றது. பிறகுதான் டாக்டரிடம் போனார்.

"அண்ணே, கீழே விழுந்தீர்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லைங்க டாக்டரம்மா."

"நெஞ்சில் இறுக்கம், வியர்வை ஏதாவது உண்டா? சர்க்கரை இருக்கிறதா?"

"எதுவும் இல்லைங்க."

டாக்டர் கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னார். கொஞ்ச தூரம் வலியில்லாமல் வந்தது. தோள் உயரத்தை நெருங்கும்போது வலித்தது. அந்த உயரத்தைத் தாண்டியபின் வலி குறைந்தது. அந்த இடத்தில்தான் மேல் தசையின் நாணுக்குப் பாரம் அதிகம். கூரைக்கும் பந்துக்கும் நடுவே இடமும் குறைவு.

பிறகு டாக்டரே அவர் கையைப் பிடித்துத் தூக்கினார். கை முழுவதும் மேலே போனது. இது முக்கியமான சோதனை. தானாகத் தூக்க முடியாமல், அடுத்தவர் தூக்கினால் போனால், தசையிலோ நாணிலோ குறை என்று சந்தேகிக்கலாம். அடுத்தவர் தூக்கினாலும் போகாவிட்டால் மூட்டின் உறையே இறுகியிருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இப்படி இறுகுவது அதிகம்.

அடுத்து முன்கையை வெளியே தள்ளச் சொல்லி, டாக்டர் எதிராக அழுத்தினார். பலம் இருந்தது. பின் தசையும் சிறு தசையும் சரி. உள்ளங்கையால் வயிற்றை அழுத்தச் சொன்னார். அதிலும் பலம் இருந்தது. முன் தசையும் சரி. மிச்சம் மேல் தசை. அதைச் சோதித்தபோது வலியும் பலவீனமும் தெரிந்தன.

நாண் எவ்வளவு கிழிந்திருக்கிறது என்று கையால் சோதித்துச் சொல்ல முடியாது. அதனால் ஸ்கேன் எடுத்தார்கள். மேல் தசையின் நாணில் ஒரு பாதி கிழிசல் இருந்தது. முழுவதும் அறுந்துவிடவில்லை.

என்ன செய்தார்கள்?

டாக்டர் கையைக் கட்டித் தொங்கவிடவில்லை. அசையாமல் வைத்தால் மூட்டு இறுகிவிடும். தோளுக்கு மேலே கை போகும் வேலையை மட்டும் நிறுத்தச் சொன்னார். வலி குறைந்ததும் பயிற்சி தொடங்கியது. ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டினார். முழங்கையை இடுப்போடு ஒட்டிப் பட்டையை மெதுவாக வெளியே இழுத்தார். பிறகு திரும்பி நின்று உள்ளே இழுத்தார். 10 முறை, சற்று ஓய்வு, மீண்டும் 10 முறை. நல்ல தசைகள் பலமானால் பந்தைப் பிடித்துக்கொள்ளும். குறையுள்ள நாணுக்குப் பாரம் குறையும்.

மூன்று மாதத்தில் அவர் வேலைக்குத் திரும்பினார். கிழிசல் மறைந்துவிட்டது என்று இதற்குப் பொருள் அல்ல. அதனால் வேலை முறையை மாற்றினார். சுவருக்குச் சாரத்தை உயர்த்திக் கட்டினார். சீலிங்குக்கு நீளக் கம்பு மாட்டிய ரோலர். இரண்டு கைகளும் மார்பு உயரத்தில் நின்றன.

எப்போது காத்திருக்கக் கூடாது?

விழுந்த உடனே கையைத் தூக்க முடியாமல் போனால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். நாண் முழுவதும் அறுந்திருக்கலாம். நாள் போனால் தசை சுருங்கிக் கொழுப்பாக மாறும். பிறகு தைப்பது கடினம்.

தோள் வலியோடு நெஞ்சில் இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் அது இருதய நோயாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

விடை சொல்லுங்கள்

1. மேல் தசையின் நாண் எதற்கு அடியில் நுழைந்து போகிறது?
2. கையை வெளியே திருப்பும் இரண்டு தசைகள் எவை?
3. டாக்டர் ஏன் பெயிண்டரின் கையைத் தானே தூக்கிப் பார்த்தார்?
4. உங்கள் வேலையில் தோளுக்கு மேலே கை போகும் இடங்கள் எவை? அதை எப்படி மாற்றலாம்?