கோயில் நிலத்தில் ஆக்கிரமிப்பா? மனு இப்படி

1. முதலில் ஆன்லைனில் ‘அ’ பதிவேட்டைப் பாருங்கள். பட்டா கோயில் பெயரில் இல்லையென்றால் மனு அங்கேயே நொண்டும்.

2. இந்து சமய அறநிலையத் துறை இணை ஆணையருக்கு எழுதுங்கள். செயல் அலுவலருக்கும் தாசில்தாருக்கும் நகல் போதும். 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 78-ஆம் பிரிவில் ஆக்கிரமிப்பை அகற்ற உத்தரவிடுபவர் இணை ஆணையர்தான். பலர் தாசில்தாரோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

3. “கோயில் இடத்தை வளைத்துவிட்டார்கள்” என்று பொதுவாக எழுதாதீர்கள். “புல எண் 112/3, வடகிழக்கு மூலை, தகரக் கொட்டகை” என்று குறித்து, புலப்பட நகலையும் போட்டோவையும் இணையுங்கள். சர்வேயர் அளக்க வேண்டிய இடம் அப்போதுதான் தெரியும்.

4. இருப்பவர் வாடகைதாரரா என்று கோயில் அலுவலகத்தில் விசாரியுங்கள். குத்தகைக் காலம் முடிந்தும் காலி செய்யாதவரும் 78-ஆம் பிரிவில் வருவார். பயிரிடும் குத்தகைதாரர் விவகாரம் வேறு.

5. ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பிறகு நினைவூட்ட அதுவே சான்று.