இன்றைக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவிக்கு மாதம் 5ஆம் தேதி அப்பா பணம் அனுப்புவார். மெஸ் கட்டணம் தனி. இன்று 17, ஞாயிறு. 31 நாள் மாதம். வங்கிக் கணக்கில் 1,720 ரூபாய், பர்ஸில் 130, ஆக 1,850. இன்றையும் சேர்த்து 4ஆம் தேதி வரை 19 நாள். வகுத்தால் நாளுக்கு 97 ரூபாய். இந்த 97ஐ நம்பிச் செலவழித்தால் மாதக் கடைசியில் கை காலியாகிவிடும்.

அந்த 1,850 முழுவதும் செலவுக்கான பணம் இல்லை. ரீசார்ஜுக்கு 300, ஊருக்குப் போய்வர பஸ்ஸுக்கு 280, ரெக்கார்டு நோட்டுக்கும் ஜெராக்ஸுக்கும் 120 என்று 700 ரூபாய் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டுவிட்டது. அதை முதலில் கழித்தால் மீதி 1,150. தோழிக்குக் கொடுத்த கடன் கைக்கு வரும்வரை கணக்கில் வரக்கூடாது.

அப்பாவின் சம்பளம் தள்ளிப்போகலாம். அதனால் இரண்டு நாள் கூட்டி 21 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,150ஐ 21ஆல் வகுத்து, பைசாவை விட்டால் 54 ரூபாய். இதுதான் உண்மையான தினத்தொகை.

ஞாயிறும் புதனும் காலையில் இதை மறுபடி போட வேண்டும். பிறந்தநாள் விருந்தில் கலந்துகொண்டதால் மூன்று நாளில் 162க்குப் பதில் 250 போய்விட்டது என்று வையுங்கள். புதன்கிழமை மீதி 900, நாள் 18, தினத்தொகை 50. கூடுதலாகப் போன 88 ரூபாய்க்கு நாளொன்றுக்கு நாலு ரூபாய்தான் குறைகிறது. பட்டினி கிடக்கத் தேவையில்லை. இதே 88 இன்னும் ஐந்து நாளே இருக்கும்போது போயிருந்தால் நாளுக்கு 17 ரூபாய்க்கு மேல் குறையும். அதனால் கடைசி வாரத்தில் இந்தக் கணக்கைத் தினமும் பார்க்க வேண்டும்.

ரீசார்ஜ் செய்த அன்று தினத்தொகை மாறக்கூடாது. திடீரென்று குறைந்தால், ஒதுக்கிய பட்டியலில் அந்த 300ஐ அடிக்க மறந்துவிட்டீர்கள் என்று பொருள். ஒரே செலவு இரண்டு முறை கழிந்திருக்கிறது.

இதற்குக் கீழே போகக்கூடாது என்று ஓர் எல்லையும் வேண்டும். மாலை டீ, சோப்பு, பஸ் எல்லாம் சேர்த்து இவளுக்கு அது 35 என்று வைப்போம். 24ஆம் தேதி கையில் செலவுக்கு 700 இருக்கும்போது 250 ரூபாய் லேப் கட்டணம் கேட்கிறார்கள். கட்டினால் மீதி 450, நாள் 14, தினத்தொகை 32. வீட்டுக்குப் பேச வேண்டிய நேரம் இதுதான். கணக்கு காலியான பிறகு அல்ல. "அப்பா, லேப் ஃபீஸ் 250 கட்டிட்டேன். இன்னும் 14 நாள் இருக்கு, நாளுக்கு 32தான் வருது. அந்த 250ஐ மட்டும் இப்ப அனுப்பினா பழையபடி 50 வந்துடும்."